மங்குக்கு எது சரி: பசார் மாலாம் கிரீமா, டாக்டர் மருந்தா, லேசரா?

சுங்கை சிப்புட்டில் பார்மசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள் நான். வாரத்தில் பாதி நாள் யாராவது ஒருவர் மாஸ்க்கை இறக்கிக் கன்னத்தைக் காட்டி, "இதுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். இரண்டு கன்னத்திலும் ஒரே அளவாக, சில பேருக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும், பழுப்பாகப் படர்ந்த திட்டு. மங்கு என்போம். மலாய்க்காரர்கள் ஜெராகாட் என்பார்கள். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் இரண்டு மூன்று யோசனையோடுதான் வருவார்கள். பக்கத்து வீட்டு அக்கா பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிப் போடும் கிரீம் செட் ஒன்று, கிளினிக்கில் எழுதித் தரும் கிரீம் ஒன்று, ஈப்போவில் லேசர் பேக்கேஜ் ஒன்று. இவற்றில் எது என்பதுதான் கேள்வி.

பதில் சொல்ல வசதியாக, கவுண்டருக்கு வந்த ஒரு அக்காவின் கேஸை எடுத்துக்கொள்கிறேன். செம்பனைத் தோட்ட நர்சரியில் கன்றுப் பைகளுக்கு உரம் வைக்கிற வேலை. வயது 36. இரண்டாவது பிள்ளையைச் சுமந்தபோது ஆறேழு மாதத்தில் கன்னத்தில் நிழல் விழுந்த மாதிரி ஆரம்பித்தது. பிள்ளைக்கு இப்போது நாலு வயது, திட்டு போகவில்லை. பால் மறந்தபின் கருத்தடை மாத்திரை எடுக்கத் தொடங்கினார், அதற்கப்புறம் நெற்றிக்கும் ஏறிவிட்டது.

முதலில், இது எப்படி வருகிறது

தோலின் மேலடுக்கின் அடிப்பகுதியில் மெலனின் என்கிற நிறப்பொருளைச் செய்யும் செல்கள் இருக்கின்றன. செய்த நிறத்தைச் சுற்றியுள்ள தோல் செல்களுக்கு அவை பங்கு போட்டுக் கொடுக்கும். வெயில் பட்டால் கூடுதலாகச் செய்வது அவற்றின் வழக்கமான வேலை. மங்கு வந்த இடத்தில் இந்தச் செல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடியிருக்காது. ஆனால் பருத்து, கிளைவிட்டு, ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இந்தச் செல்களை உசுப்பிவிடும். அதனால்தான் கர்ப்பத்தின் பின்பாதியிலும், கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் வருகிறது. ஹார்மோன் உசுப்பிய பின், முன்பு ஒன்றும் செய்யாத வெயிலே போதும், திட்டு கறுக்கும். பல பெண்களுக்குப் பிரசவம் ஆகிச் சில மாதங்களில் தானாக மங்கிவிடும். ஆனால் நாள்தோறும் வெயிலில் நிற்கிறவர்களுக்கு அது தங்கிவிடுவதைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறேன். குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

வெயில் என்றால் புறஊதாக்கதிர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணால் பார்க்கிற வெளிச்சத்தில் உள்ள நீலப் பகுதியும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நிறத்தைத் தூண்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. "நான் தினமும் போடுறேனே, ஏன் போகலை?" என்று கேட்பவர்களில் பலருடைய பிரச்சினை இதுதான்.

இது மங்குதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

மங்கு அரிக்காது, எரியாது, தடிக்காது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். நெற்றியோரமும் கண்ணோரத்து நெற்றிப்பொட்டும் கறுத்து, தொட்டால் வெல்வெட் போல் தடிப்பாக இருந்து, கழுத்தும் கறுத்திருந்தால் அது வேறு. முதலில் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். முடிச்சாயம் போட ஆரம்பித்த பிறகு முன்முடியோரமாகச் சாம்பல் நிறத்தில் கறுத்தால், சாயத்தின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். இவற்றுக்கு மங்கு கிரீம் போட்டுப் பயனில்லை.

எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு சீக்கிரம் போகும்?" என்றுதான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். மங்கு போய்விட்டது என்று ஒன்று கிடையாது, அடங்கியிருக்கிறது என்றுதான் சொல்லலாம். ஆகவே என் முதல் கேள்வி, நிறுத்தினால் தோல் என்ன ஆகும்? இரண்டாவது, இதை வெயிலில் வேலை செய்துகொண்டே பயன்படுத்த முடியுமா? மூன்றாவது, கர்ப்பம், தாய்ப்பால், கருத்தடை மாத்திரை இவற்றோடு ஒத்துப்போகுமா? அப்புறம்தான் காசு. அதிலும் விலைச்சீட்டில் தெரியாத காசு.

வெயில் தடுப்பு: இதற்கு மாற்று கிடையாது

இதை ஒரு வழியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடி. இது இல்லாமல் மற்ற எதற்கும் காசு செலவழிப்பது வீண்.

நம் ஊர்க் கடிகாரத்தை வைத்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. காலை ஏழிலிருந்து ஒன்று வரை தொப்பி, துணி என்று முகத்தை மூடி வேலை செய்துவிட்டு, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கூடையில் போட்டு மோட்டாரில் பிள்ளையை அழைக்கத் தமிழ்ப்பள்ளி வாசலுக்குப் போகிற அந்த நேரம்தான் நாளின் மிக மோசமான வெயில். நம் அக்காவும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். ஹெல்மெட்டின் கண்ணாடி கன்னத்துக்கு நிழல் தராது. துணியைப் பள்ளி வாசல் வரை அவிழ்க்காமல் இருப்பது காசில்லாத மருந்து. அந்தத் துணியும் சூரியனுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவாத கெட்டித் துணியாக இருக்க வேண்டும்.

சன்ஸ்கிரீனில் நிறம் கலந்ததை வாங்குங்கள். டப்பாவின் பின்னால் CI 77491, CI 77492, CI 77499 என்று போட்டிருந்தால் அது இரும்பு ஆக்சைடு. நீல வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். ஒரு சிக்கல், இங்கே கடையில் கிடைக்கும் நிறங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலுக்கானவை, நம் முகத்தில் சாம்பல் பூசினது மாதிரி தெரியும். அப்படியானால் சாதாரண சன்ஸ்கிரீனைப் போட்டு, காய்ந்தபின் உங்கள் நிறத்துக்கு ஒத்த பவுண்டேஷனைக் கொஞ்சம் கெட்டியாகப் பூசுங்கள். அதிலும் அதே எண்கள் இருக்கும். பெடாக் செஜுக் அரிசி மாவுதான், அதை சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக நம்ப முடியாது.

அளவு, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கு ஒரு தடவை. அது ஒரு கிராமுக்கு மேல் வரும். காலையில் ஒருமுறை, பத்து மணி டீ நேரத்தில் வியர்வையைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை என்றால் 50 கிராம் டியூப் மூன்று வாரம்தான் வரும். ஒரு டியூப்பை அஞ்சு மாசம் வைத்திருக்கிறேன் என்பவர் கிட்டத்தட்ட போடவே இல்லை என்று அர்த்தம். மறைந்திருக்கும் செலவு இதுதான், மாதம் ஒன்றரை டியூப். மற்ற எந்த வழியின் விலையையும் பார்க்கும்போது இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பசார் மாலாம் கிரீம் செட்

சோப்பு, டோனர், பகல் கிரீம், இரவுக் கிரீம், நாலும் ஒரு பையில். விலை குறைவு. பத்து நாளில் முகம் வெளுக்கும். அதை மறுக்க மாட்டேன், உண்மையிலேயே வெளுக்கும். கேள்வி, எதனால் என்பதுதான். சுகாதார அமைச்சின் கீழ் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு இவை கலந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. இவை எதுவும் அழகுசாதனப் பொருளில் இருக்கக் கூடாதவை.

ஸ்டீராய்டு இருந்தால் முதலில் முகம் பளபளவென்று ஆகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும், பருவும் பூனைமுடியும் வரும். நிறுத்திய ஓரிரு வாரத்தில் முகம் சிவந்து எரியும், திட்டு முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பும். உடனே மறுபடி அந்த டப்பாவையே எடுப்பார்கள், எரிச்சல் அடங்கும். "இந்தக் கிரீம்தான் எனக்குச் செட் ஆகுது" என்று சொல்வது இதை வைத்துத்தான். பாதரசம் இன்னும் மோசம். அது தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர், கை நடுக்கம் இவை வந்தால் கிரீமையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஒரே துண்டு, ஒரே தலையணை வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது போகும்.

டப்பாவில் என்.பி.ஆர்.ஏ. அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். NOT என்று தொடங்கி K என்று முடியும். ஆனால் அது கம்பெனி பதிவு செய்ததற்கான அடையாளம்தான், யாரோ சோதித்துப் பார்த்து நல்லது என்று சொன்னதற்கு அத்தாட்சி இல்லை. எண் இருந்த பொருள்களே பின்னால் ரத்தான கதைகள் உண்டு. என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்து, பெயரும் கம்பெனியும் டப்பாவோடு ஒத்துப்போகிறதா என்றாவது பாருங்கள். என் கைக்கணக்கு வேறு: ஓரிரு வாரத்தில் வெளுக்க வைக்கும் எதையும் முகத்தில் போடாதீர்கள். நான் இந்த வழியை எந்தச் சூழ்நிலைக்கும் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரே நாளில் வீசிவிட்டுத் தனியாகத் தவிக்காமல் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

அசெலாயிக் ஆசிட்

20 சதவீதக் கிரீம். அளவுக்கு மீறி வேலை செய்யும் நிறச்செல்லைத்தான் அது அதிகம் அடக்கும், நல்ல தோலை வெளுக்க வைக்காது. காலையும் இரவும் போட வேண்டும். முதல் இரண்டு வாரம் சுருக்கென்று ஊசி குத்துவது போல் இருக்கும், அப்புறம் பழகிவிடும். வேகம் இல்லை. கண்ணுக்குத் தெரிய மூன்று மாதம், நன்றாக மங்க ஆறு மாதம்கூட ஆகும். பொறுமை இல்லாதவர்கள் இரண்டாம் மாதம் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் என் முதல் கேள்விக்கு இதுதான் நல்ல பதில் சொல்கிறது. நிறுத்தினால் முகம் எரியாது, சிவக்காது. வெயில் தடுப்பு ஒழுங்காக இருந்தால் மெதுவாகத்தான் திரும்பும். மாதக்கணக்கில் போடலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடக்கூடிய மிகச் சில மருந்துகளில் ஒன்று. வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

டாக்டர் எழுதும் மூன்று மருந்துக் கிரீம்

4 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.05 சதவீத டிரெட்டினாயின், லேசான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தது. மங்குக்கு முகத்தில் பூசுவதில் அதிக ஆராய்ச்சி நடந்ததும் வேகமானதும் இதுதான். நாலு முதல் எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

பசார் மாலாம் கிரீமில் உள்ள அதே சாமான்கள்தானே என்று ஒருவர் என்னை மடக்கினார். சரியான கேள்வி. வித்தியாசம் அளவிலும் கெடுவிலும் இருக்கிறது. இங்கே எது எவ்வளவு என்று தெரியும், இரவில் பட்டாணி அளவு திட்டின் மேல் மட்டும் போடுவது, எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் டாக்டர் நிறுத்தச் சொல்வார் அல்லது வாரம் இரண்டு நாளாகக் குறைப்பார். தவறு நடப்பது அந்தக் கெடு தாண்டும்போதுதான். நன்றாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் ஹைட்ரோகுவினோன் போட்டால், கன்னத்தில் நீலம் கலந்த கறுப்பில் மிளகு தூவினாற்போல் புள்ளிகள் வரும். அதைப் பார்த்து மங்கு கூடிவிட்டது என்று இன்னும் அதிகமாகப் பூசுவார்கள். அந்தக் கறுப்பு சுலபத்தில் போகாது.

தோல் உரியும், சிவக்கும், வெயில் சீக்கிரம் சுடும். ஆகவே வெயில் வேலைக்காரர்கள் மழைக்காலத்தையோ நீண்ட விடுமுறையையோ பார்த்து ஆரம்பிப்பது நல்லது. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ கூடாது. திருமணம், பிள்ளையின் பட்டமளிப்பு என்று தேதி குறித்த தேவை உள்ளவர்களுக்கும், அசெலாயிக்கில் ஆறு மாதம் முயன்றும் அசையாதவர்களுக்கும் இது பொருத்தம்.

செலவைப் பொறுத்தவரை, முதலில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அங்கிருந்து ஈப்போ பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். மறைந்த செலவு காத்திருப்பும், பஸ்ஸும், போகும் நாளின் கூலியும்.

மாத்திரை

டிரானெக்சாமிக் ஆசிட், மாதவிடாயில் ரத்தம் அதிகமாகப் போவதற்குக் கொடுப்பது. மங்குக்கு அதைவிடக் குறைந்த அளவில், 250 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, சில மாதம். சிங்கப்பூரில் இதை எடுத்த 561 பேரின் பதிவுகளை 2016-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் குறைந்தது, ஆனால் கால்வாசிக்கு மேல் திரும்ப வந்தது. ஒருவருக்குக் காலில் ரத்தக்கட்டு ஏற்பட்டது, அவருக்குப் பரம்பரையாகவே ரத்தம் உறையும் கோளாறு இருந்தது. ரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையோடு சேர்த்தும் எடுக்கக் கூடாது. கிரீமில் அடங்காதவர்களுக்கு, டாக்டர் கேள்வி கேட்டுப் பார்த்த பிறகே.

லேசர்

விளம்பரத்தில் மிகவும் கவர்ச்சியானது, கணக்கில் மிகவும் மோசமானது. லேசர் ஏற்கெனவே செய்துவைத்த நிறத்தை உடைக்கும். நிறத்தைச் செய்கிற செல்லும் அதை உசுப்பும் ஹார்மோனும் வெயிலும் அப்படியே இருக்கும். லாலாங் புல்லை மேலாக வெட்டிவிட்டு வேரை விட்ட கதைதான். குறைந்த சக்தியில், சில வாரங்களுக்கு ஒரு தடவையென ஐந்து பத்து அமர்வு கொடுப்பார்கள். பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பும். நம் நிறத் தோலில் சூடு கூடிப்போனால் திட்டு இன்னும் கறுக்கும். அடிக்கடி செய்தால் சோற்றுப் பருக்கை அளவு வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை போவது கடினம்.

பேக்கேஜாக முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். மூன்றாவது அமர்விலேயே கறுத்தால் நிறுத்தத்தான் வேண்டும், பணம் திரும்பாது. கிரீமும் வெயில் தடுப்பும் ஓர் ஆண்டு ஒழுங்காகச் செய்து, கூரைக்குக் கீழ் வேலை பார்த்து, தோல் நிபுணரே கையாள்வதாக இருந்தால் மட்டும் கடைசியில் யோசிக்கலாம். நர்சரியில் நிற்கிறவருக்கு வேண்டாம்.

அப்படியானால் நம் அக்கா என்ன செய்தார்

அவரிடம் மூன்று விலை இருந்தது. பக்கத்து வீட்டு செட், கிளினிக் கிரீம், ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும் பத்து லேசர். அவர் மனம் லேசரில்தான் இருந்தது. நான் முதலில் கேட்டது மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லித்தான். ஈஸ்ட்ரோஜன் கலந்ததுதான். அது உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது வெளியே எதைப் பூசினாலும் இரண்டு பக்கமும் இழுபறி.

ஆனால் மங்குக்காக மாத்திரையை அன்றே நிறுத்துங்கள் என்று யாரிடமும் சொல்லவே மாட்டேன். மாற்று ஏற்பாடு இல்லாமல் நிறுத்தி, எதிர்பாராமல் கர்ப்பம் தரித்தால் மங்கு இன்னும் படரும். கிளினிக் கெசிஹாத்தானில் குடும்பக் கட்டுப்பாட்டு நாளில் போய், ஹார்மோன் இல்லாத செம்புச் சுருளைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். கருத்தடை ஊசியும் கைத்தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் ஹார்மோன்தான், அவற்றிலும் சிலருக்குத் திட்டு வரும். சுருளில் மாதவிடாய் கொஞ்சம் கூடுதலாகப் போகலாம், அதையும் கணக்கில் வைக்க வேண்டும். புருஷனுக்கு ஒரு சிறிய ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்றும் சொன்னேன், அக்கா சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சுருள் வைத்த பிறகு மாத்திரை நின்றது. மாத்திரை நின்றாலும் திட்டு உடனே போகாது, மாதக்கணக்காகும் என்று முன்பே சொல்லியிருந்தேன். கூடவே நிறம் கலந்த சன்ஸ்கிரீன், பள்ளி வாசல் வரை துணி, இரண்டு வேளையும் அசெலாயிக். முதல் நாள் வீட்டு முன்வாசலில், காலை எட்டு மணி வெளிச்சத்தில், பவுடர் இல்லாமல் கன்னத்தைப் படம் எடுத்துவைக்கச் சொன்னேன். நாள்தோறும் கண்ணாடியில் பார்த்தால் மாறுவது தெரியாது. அதே இடம், அதே நேரத்தில் மாதம் ஒரு படம் போதும்.

நாலாவது படத்தில் கன்னத்துத் திட்டின் ஓரங்கள் உடைந்து, நடுவில் சொந்த நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது. நெற்றி அசையவில்லை. நெற்றிக்கு மட்டும் மூன்று மருந்துக் கிரீம் எட்டு வாரம் போடலாமா என்று கேட்க, தோல் பிரிவுக்கு எழுதி வாங்கியிருக்கிறார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஆரம்பிப்பதாக உத்தேசம். அப்போது ஒன்றேகால் மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கும் வேலை இல்லை.